ஆறும்மா

கால் சென்டர் வேலையை விட்டு ரொம்ப நாள் ஆச்சு. ஆனா யாராவது போன்ல ஒரு நம்பரைச் சொல்லி நான் திருப்பிச் சொல்லி அவங்க "ஆமாம்மா"ன்னு சொன்னா எனக்கு இன்னும் வயித்துல ஒரு மாதிரி இருக்கும். கேஸ் புக் பண்றப்போ, மளிகைக்கடைக்கு லிஸ்ட் சொல்றப்போ, எதுக்கும். எல்லாத்துக்கும் காரணம் ஒரே ஒரு கால், 2021 நவம்பர்ல வந்தது, ஆறு நிமிஷம் சொச்சம். அதுல நான் எந்த ரூலையும் மீறல. கேட்டதை எல்லாம் திருப்பிச் சொன்னேன், அந்தப் பக்கமும் ஒவ்வொண்ணுக்கும் ஆமாம்னு சொல்லுச்சு, குவாலிட்டி டீம் அந்தக் காலுக்கு நல்ல மார்க்கும் போட்டாங்க. அப்படியும் தப்பாப் போச்சு. அது எப்படின்னு எழுதிப் பாத்துடணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டே இருந்தேன்.

நான் அக்ரி டிப்ளமோ. தஞ்சாவூர்ல ஒரு தனியார் கம்பெனியோட விவசாய ஆலோசனை லைன்ல இருந்தேன், விவசாயிங்க கூப்பிட்டு பயிர், உரம், பூச்சின்னு கேப்பாங்க, நாங்க சொல்லணும். அந்த வருஷம் ஐப்பசி கார்த்திகைல பேஞ்ச மழை டெல்டாக்காரங்க யாருக்கும் மறந்திருக்காது. சம்பா நட்டு முப்பது நாப்பது நாள் ஆன வயல் எல்லாம் தண்ணிக்குள்ள. வாய்க்கால் நெறஞ்சு வடிய வழியில்லாம மக்கள் ஆயில் இன்ஜின் வச்சு எறைச்சு வெளியே தள்ளிட்டு இருந்தாங்க. தண்ணி வடிஞ்ச ஒடனே எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி தான், பயிர் மஞ்சளா நிக்குது, என்ன போடலாம்? பதிலும் ஒண்ணு தான். அந்த சீசன்ல ஒரு நாளைக்கு எழுபது எம்பது தடவை சொல்லியிருப்பேன், தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு. மூணையும் கலந்து ஒரு ராத்திரி வச்சிருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேத்து வயல்ல போடணும். வேளாண்மைத்துறை வெள்ளம் வந்தா வருஷா வருஷம் சொல்ற அதே கணக்கு.

இந்த நாலு நம்பரையும் எரைச்சலான லைன்ல ஒருத்தருக்குச் சொல்லிப் பாருங்க. பதினெட்டும் பதினேழும் ஒண்ணுக்கொண்ணு அண்ணன் தம்பி மாதிரி, "பதினெ"க்கு அப்புறம் லேசா காத்தடிச்சா எது எதுன்னு தெரியாது. அதனால நான் "பத்தும் எட்டும் பதினெட்டு, பத்தும் ஏழும் பதினேழு"ன்னு பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி பிரிச்சுச் சொல்லுவேன். ரொம்பப் பெருமையா இருக்கும் எனக்கு, பாரு எவ்வளவு கவனமா வேலை பாக்குறேன்னு. யோசிச்சா சிரிப்பு வருது, ஜிப்சம் ஒரு கிலோ கூடக் குறைய ஆனா நெல்லுக்கு ஒண்ணுமே ஆகாது. ஆபத்து வேற எங்கயோ இருந்துச்சு.

அந்த கால்

சாயந்தரம் நாலரை மணி இருக்கும். எடுத்த ஒடனே டகடகடகன்னு இன்ஜின் சத்தம், அதுக்கு மேல தகரத்துல மழை விழற சத்தம். மோட்டார் கொட்டகைக்குள்ள நின்னு பேசறார்னு புரிஞ்சிருச்சு. அம்பது வயசு இருக்கும் குரல். இருபது வருஷமா சிங்கப்பூர்ல கட்டட வேலை பாத்துட்டு இப்பத்தான் ஊருக்கு வந்திருக்கார், அப்பா தவறிட்டார், இது தான் அவர் தானே பாக்கற மொதல் சம்பா. இதை எல்லாம் அவரே சொன்னார், துண்டு துண்டா. நான் அந்த ரெக்கார்டிங்கை அப்புறம் பல தடவை கேட்டதால கிட்டத்தட்ட வரிக்கு வரி ஞாபகம் இருக்கு.

– வணக்கம் சார், சொல்லுங்க, எந்த ஊர்லேந்து பேசறீங்க?

– திரு... (டகடகடக) ...புரம்மா.

– சார் சரியா கேக்கல, திருக்கண்ணபுரங்களா?

– ஆமாம்மா... (டகடக) ...ம்புரம்.

இந்த இடத்துல நான் உஷாராத்தான் இருந்தேன். டெல்டாவுல கால் எடுக்கறவங்களுக்கு இது மொத வாரமே தெரிஞ்சிடும், ஊர் பேர்ல பாதி "திரு"ல ஆரம்பிக்கும், கடைசில ஊர், குடி, நல்லூர், மங்கலம், புரம்னு ஏதாவது ஒண்ணு இருக்கும், ஒரு ஊரை இன்னொரு ஊர்லேந்து பிரிக்கற எழுத்து எல்லாம் நடுவுல தான் இருக்கும், லைன் முழுங்கறதும் அந்த நடுவைத் தான். திருக்கண்ணபுரம் நாகப்பட்டினம் மாவட்டம், திருப்பாம்புரம் திருவாரூர் மாவட்டம். நான் "ஆமாம்மா"வை நம்பல.

– சார், உங்க ஊருக்கு பக்கத்துல பெரிய ஊரு எது, எங்க போய் பஸ் ஏறுவீங்க?

– பேரளம்மா.

– அப்போ திருப்பாம்புரம்.

– அதாம்மா சொல்றேன் நானும்.

பாத்தீங்களா, ஆமாம் இல்லைன்னு பதில் சொல்ல முடியாத மாதிரி கேட்டேன், வேற ஒரு வார்த்தை வந்துச்சு, அதுலேந்து ஊரைப் பிடிச்சேன். இந்த வித்தை எனக்குத் தெரியாததில்ல. ஒன்றரை நிமிஷம் கழிச்சு அதையே மறந்துட்டேன், அதான் உறுத்துது.

அடுத்து ரகம். அவர் சொன்னது எனக்கு "...அம்பத்தொண்ணு"ன்னு மட்டும் விழுந்துச்சு. கோ 51ம் இருக்கு, ஆடுதுறை 51ம் இருக்கு. மொதலாவது குறுகிய காலத்து நெல், நூத்தி அஞ்சு நூத்திப் பத்து நாள்ல முடிஞ்சிடும். ரெண்டாவது அஞ்சு மாசத்துக்கு மேல நிக்கற சம்பா ரகம். அதனால எது எதுன்னு தெரியாம அடுத்த மேலுரத்தை எப்போ போடணும்னு சொல்ல முடியாது. இதுக்கும் என்கிட்ட ஒரு வழி இருந்துச்சு. லைன் எவ்வளவு மோசமா இருந்தாலும் ஒரு வார்த்தை எவ்வளவு நீளம்ங்கறது ஓரளவு தப்பிச்சு வந்துடும். "கோ" ஒரே எழுத்து, டக்குன்னு முடிஞ்சிடும். "ஆடுதுறை" நாலு எழுத்து, எழுத்து தெரியலைன்னாலும் தானானனான்னு ஒரு நடை கேக்கும். அவர் சொன்னப்போ அம்பத்தொண்ணுக்கு முன்னாடி அந்த நாலு தட்டு இருந்துச்சு. ஆடுதுறை. எப்போ நட்டீங்கன்னு கேட்டு அதையும் உறுதி பண்ணிக்கிட்டேன். சரியாத்தான் இருந்துச்சு.

அப்புறம் தான் அது வந்துச்சு.

– எவ்வளவு நிலம் சார் நட்டிருக்கீங்க?

– ஆறும்மா.

– ஆறு ஏக்கர், சரிங்களா?

– (டகடகடக) ...ஆமாம்மா.

ஸ்க்ரீன்ல பரப்பளவுன்னு ஒரு கட்டம், பக்கத்துல ஏக்கர், ஹெக்டேர், சென்ட்டுன்னு மூணு சாய்ஸ். 6 அடிச்சேன், ஏக்கரை அழுத்தினேன். சிஸ்டமே பெருக்கிக் கொடுத்துடும்: யூரியா 132 கிலோ, ஜிப்சம் 108, வேப்பம்புண்ணாக்கு 24, பொட்டாஷ் 102.

– சார், யூரியா நூத்தி முப்பத்திரெண்டு கிலோ, அதாவது மூணு மூட்டை கிட்டத்தட்ட. பொட்டாஷ் ரெண்டு மூட்டை...

– ...

– சார் கேக்குதுங்களா?

– மூணு மூட்டை.

– ஆமா சார், மூணு மூட்டை யூரியா.

– சரிம்மா. நீங்க சொன்னா சரி தாம்மா.

மிச்சத்தையும் சொன்னேன், கலந்து ஒரு ராத்திரி வைக்கறதை, தண்ணியை வடிச்சுட்டுப் போடறதை, எல்லாத்தையும் திருப்பிச் சொல்ல வச்சேன். பதினெட்டு பதினேழு விஷயத்துலயும் பத்தும் எட்டும்னு பிரிச்சுச் சொன்னேன். நன்றி சொல்லி வச்சேன்.

ரெண்டாவது நாள்

மறுநாள் சாயந்தரம் பக்கத்து சீட்டு தம்பி ஒரு கால்ல இருந்தான். அவன் கூட்டிக்கழிக்கிற மாதிரி விரல் விட்டு எண்ணிட்டு, என் பக்கம் திரும்பி, மைக்கை மூடிக்கிட்டு, "அக்கா நேத்து திருப்பாம்புரம் நீங்க எடுத்ததா"ன்னு கேட்டான். ஆமாடா என்ன. "ஆறு ஏக்கர்னு போட்டிருக்கீங்க. ஆறு மாங்கறார்."

டெல்டாக்காரங்களுக்கு மேல படிக்கவே வேணாம். மத்தவங்களுக்காக ஒரு வரி: எங்க பக்கம் நெலத்தை இன்னும் மாக்கணக்குல தான் பேசுவோம், நூறு குழி ஒரு மா, மூணு மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. ஆறு மான்னா ரெண்டு ஏக்கர். நான் ஆறு ஏக்கருக்குச் சொல்லிட்டேன். யூரியா 44 கிலோ, அதாவது ஒரு மூட்டை போட வேண்டிய எடத்துல மூணு மூட்டை.

அவர் வீட்ல என்ன நடந்துச்சுன்னு அந்த தம்பி தான் சொன்னான். சங்கத்துல போய் மூணு மூட்டை யூரியாவும் ரெண்டு மூட்டை பொட்டாஷும் வாங்கிட்டு வந்து திண்ணைல எறக்கியிருக்கார். அவங்க அம்மா, எழுபத்தஞ்சு வயசு இருக்கும், மூட்டையைப் பாத்துட்டு "ஏண்டா, யாரு வயலுக்கு சேத்து வாங்கியாந்திருக்க"ன்னு கேட்டிருக்காங்க. நம்ம வயலுக்குத்தான்னார். "ரெண்டு ஏக்கருக்கு மூணு மூட்டையா, சாயறதுக்கா"ன்னு அவங்க ஒரு வார்த்தை தான் கேட்டாங்களாம். அப்புறம் தான் திரும்ப கூப்பிட்டிருக்கார், அதுவும் எங்க மேல குறை சொல்ல இல்ல, அம்மாவுக்கு என்ன பதில் சொல்றதுன்னு கேக்க.

அந்தம்மா சொன்னது சரி. அந்த வெயில் இல்லாத மப்பு மந்தாரத்துல ஏக்கருக்கு 66 கிலோ யூரியாவை ஒரே தடவைல போட்டிருந்தா பயிர் பத்து நாள்ல கரும்பச்சையா கிளம்பியிருக்கும், பாக்க ஜோரா இருக்கும், ரோட்ல போறவன் எல்லாம் என்ன போட்டீங்கன்னு கேப்பான். அந்த பச்சைக்குத்தான் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் வரும், அதுலேந்து தப்பிச்சாலும் தண்டு மெலிஞ்சு, கதிர் கனக்க ஆரம்பிக்கறப்போ ஒரு காத்துக்குப் பாய் விரிச்ச மாதிரி படுத்துடும். இது எனக்கு நல்லாத் தெரியும், நானே மத்தவங்களுக்கு சொல்றது தான். காசைப் பாத்தா யூரியா மூட்டை 266 ரூபா 50 காசு, பெரிய தொகை இல்ல. பொட்டாஷ் அப்படி இல்ல, அதுல தான் அவருக்குக் கையைக் கடிச்சிருக்கும்.

எனக்கு உள்ளுக்குள்ள உறைஞ்சது வேற. எங்க அப்பாவும் மாக்கணக்குத் தான். எங்க வீட்டு வயல் பன்னெண்டு மா, நான் பொறந்ததுலேந்து அப்படித்தான் சொல்றோம், நாலு ஏக்கர்னு யாரும் சொன்னதே இல்ல. இந்த வார்த்தை தெரியாத ஊர்க்காரி யாராவது தப்பு பண்ணியிருந்தா பரவால்ல. நான் எப்படி?

ரெக்கார்டிங்

ஷிப்ட் முடிஞ்சு ரெண்டு பேரும் ஒக்காந்து ரெக்கார்டிங்கைப் போட்டோம். "எவ்வளவு நிலம் சார்"னு என் குரல், அப்புறம் அவர். அந்த தம்பி மொத தடவையே "ஆறு மா, தெளிவா சொல்றாரேக்கா"ன்னான். எனக்கு "ஆறும்மா"ன்னு தான் கேட்டுச்சு. திரும்பப் போட்டோம். அவனுக்கு ஆறு மா, எனக்கு ஆறும்மா. நாலாவது தடவை போடறப்போ எனக்கும் ஆறு மான்னு மாறிடுச்சு, அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் அதை வேற மாதிரி என்னால கேக்க முடியல. காது ஒரு தடவை முடிவு பண்ணிட்டா அவ்வளவு தான் போல.

ஒரே சத்தம், ரெண்டு காது, ஏன் வேற வேற? ரொம்ப நேரம் பேசிட்டிருந்தோம். கடைசில அவன் தான் சொன்னான், "என்னை யாரும் அம்மான்னு கூப்பிடறதில்லேல்ல அக்கா."

அது தான் விஷயம். அவனை தம்பி, சார், ஐயான்னு கூப்பிடுவாங்க. என்னைக் காலைலேந்து சாயந்தரம் வரைக்கும் கூப்பிடற ஒவ்வொருத்தரும் ம்மா போட்டுத்தான் பேசுவாங்க. வணக்கம்மா. சொல்லும்மா. சரிம்மா. நெல்லும்மா. புழும்மா. ஒரு கால்ல முப்பது தடவை வரும். அத்தனையையும் காதுல போட்டுக்கிட்டா பைத்தியம் பிடிச்சுடும், அதனால காது தானாவே அதைக் கழிச்சுட்டு மிச்சத்தை மட்டும் எடுத்துக்கப் பழகிடுது. பேரளம்மாவுலேந்து பேரளத்தை எடுக்கற மாதிரி, ஆறு மாவுலேந்து ஆறை எடுத்துட்டு மாவை வீசிட்டேன். அந்த மனுஷன் அளவைச் சொன்னார், நான் அதை மரியாதைன்னு எடுத்துக்கிட்டேன்.

நேர்ல பேசியிருந்தா இது நடந்திருக்காது. "ஆறும்மா"வுல ம் அழுத்தி நிக்கும், "ஆறு மா"வுல ஆறுக்கு அப்புறம் சின்னதா ஒரு இடைவெளி விட்டு மா லேசா வரும். வித்தியாசம் அவ்வளவு தான், ஒரு ம் எவ்வளவு நேரம் நிக்குதுங்கறது. அந்த மாதிரி நேரக்கணக்கு தான் மோசமான லைன்ல மொதல்ல சாகும். செல்போன் நம்ம பேச்சை ஒரு செகண்டுல அம்பதுல ஒரு பங்கு, ஒரு பங்குன்னு சின்னச் சின்ன துண்டா வெட்டி அனுப்புது. சிக்னல் இல்லாத கொட்டகைல அதுல ரெண்டு மூணு துண்டு வழியில காணாமப் போனா, அந்தப் பக்கம் இருக்கற போன் முன்னாடி வந்த துண்டையே இழுத்து ஓட்டையை அடைச்சுடும். அப்போ கொஞ்சமா இருந்த ம் நீளமாயிடும், நடுவுல இருந்த இடைவெளி மூடிக்கும். ஒட்டுப் போட்டது நமக்குத் தெரியாது, முழு வார்த்தை மாதிரியே கேக்கும். கரகரன்னு கேட்டிருந்தா நானே திரும்பக் கேட்டிருப்பேன். அது சுத்தமா கேட்டுச்சு, அதான் கேடு.

இன்னொண்ணு, பழைய லைன் வழியா போற பேச்சுல 300லேந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும் தான் வரும், மிச்சத்தை வெட்டிடுவாங்க. உயிரெழுத்து அதுக்குள்ள பொழச்சுக்கும். ஸ, ஃப மாதிரி காத்தா வர எழுத்துங்களோட உசுரு அந்த 3400க்கு மேல இருக்கு. அதனால தான் இனிஷியல் கேக்கறப்போ எஸ்ஸா எஃப்பான்னு தெரியாது, நாங்க சேலம், பிரான்ஸ்னு ஊர் பேர் சொல்லிப் பிரிப்போம். ட்ரெய்னிங்ல இதை எல்லாம் ரெண்டு நாள் எடுத்தாங்க. எம்மா என்னா, பியா டியா, டபுள் செவனா ட்ரிபிள் செவனா, மொத்தம் பத்து நம்பர் வருதான்னு எண்ணிப் பாரு. எல்லாம் இங்கிலீஷ் எழுத்துக்கும் நம்பருக்கும். பேசற பாஷைல வர "ம்மா"வைப் பத்தி ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல, சொல்லத் தோணியிருக்காது.

ஆனா நான் திருப்பிச் சொன்னேனே

இது தான் எனக்கு ஆறவே இல்ல. நான் சும்மா விடல, "ஆறு ஏக்கர், சரிங்களா"ன்னு கேட்டேன். அவர் ஆமாம்மான்னார். ஏன் சொன்னார்?

மொத காரணம், அவர் பக்கமும் இன்ஜின் ஓடுது. எனக்கு அவர் பாதி கேட்ட மாதிரி அவருக்கு நான் பாதி தான் கேட்டிருப்பேன். "ஆறு"ங்கறது கேட்டிருக்கும், "ஏக்கர்" இன்ஜின்ல போயிருக்கும், அந்த எடத்துல அவர் மனசு தான் சொன்ன மாவையே போட்டு நிரப்பிக்கிட்டிருக்கும். நான் சொன்னதை அவர் சரி பாக்கல, அவர் நெனச்சதை அவரே சரி பாத்துக்கிட்டார். ஒரு வார்த்தையை அதே அச்சுல திருப்பிச் சொன்னா எரைச்சலான லைன்ல இது தான் நடக்கும், அந்தப் பக்கம் தான் சொன்னதோட எதிரொலியைத் தான் கேக்கும்.

ரெண்டாவது, நம்ம ஊர்ல ஆமாங்கறது ஆமா இல்ல. இதை எப்படிச் சொல்றது. எங்க பெரியப்பா கிட்ட பேசிப் பாருங்க, நீங்க என்ன சொன்னாலும் ம், ஆமா, சரி, ம்ம்னு வந்துட்டே இருக்கும், கடைசில "அதெல்லாம் முடியாது"ம்பார். "நான் கேட்டுட்டுத்தான் இருக்கேன், நீ பேசு"ங்கறதுக்குத்தான் நாம ஆமா போடறோம். போன்ல அது இன்னும் அதிகம், தலையாட்டறது தெரியாதில்ல. படிச்ச பொண்ணு ஆபீஸ்லேந்து பேசுதுன்னா அதுக்கு மேல கொஞ்சம் கூடவே ஆமா வரும். திருக்கண்ணபுரமான்னு கேட்டதுக்கே ஆமாம்மான்னு தானே சொன்னார்!

மூணாவது தான் நான் ராத்திரில நெனச்சுப் பாக்கறது. மூணு மூட்டைன்னு நான் சொன்ன ஒடனே அவர் ரெண்டு செகண்ட் பேசல. ரெக்கார்டிங்ல இன்ஜின் மட்டும் ஓடுது. நான் அதை லைன் கட்டாயிடுச்சோன்னு நெனச்சு "கேக்குதுங்களா"ன்னேன். செல்போன் கால்ல இப்படி விட்டு விட்டு வரது சகஜம், அதனால அமைதியை நாங்க அமைதியாவே எடுத்துக்கறதில்ல, சிக்னல் கோளாறுன்னு தாண்டிப் போயிடுவோம். அது கோளாறு இல்ல. அவர் யோசிச்சுட்டிருந்தார், இவ்வளவான்னு. அப்புறம் "மூணு மூட்டை"ன்னார், கேள்வியாவும் இல்ல பதிலாவும் இல்ல. கேட்டிருக்கலாம், கேக்கல. புதுசா விவசாயத்துக்கு வந்தவர், தனக்குத் தெரியாதுன்னு நெனச்சவர். "நீங்க சொன்னா சரி தாம்மா"ன்னு சொன்னது நம்பிக்கை இல்ல, சந்தேகத்தை மடிச்சு உள்ள வச்சுக்கிட்டது.

குவாலிட்டி டீம் கிட்ட நானே போய்ச் சொன்னேன். அவங்க கால் ஷீட்டைப் பாத்தாங்க. தகவலை உறுதிப்படுத்தினாரா? ஆமா. அளவைத் திருப்பிச் சொன்னாரா? ஆமா. வாடிக்கையாளர் ஒத்துக்கிட்டாரா? ஆமா. "நீங்க எல்லாம் சரியாத்தானே பண்ணியிருக்கீங்க, அவர் யூனிட்டைத் தெளிவா சொல்லியிருக்கணும்"னு சொன்னாங்க. அவர் தெளிவாத்தாங்க சொன்னார்னேன். என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. ஸ்க்ரீன்ல மான்னு ஒரு சாய்ஸ் சேருங்கன்னு எழுதிக் கொடுத்தேன். நான் வேலையை விடற வரைக்கும் வரல.

அந்த கட்டத்தையும் சும்மா சொல்லக் கூடாது. ஏக்கர், ஹெக்டேர், சென்ட்டுன்னு மூணு மட்டும் எதிர்ல இருந்தா காதும் அந்த மூணுல ஒண்ணைத்தான் எதிர்பாக்கும். டெல்டாவுல எந்த சம்சாரி ஹெக்டேர்னு சொல்லிக் கேட்டிருக்கீங்க? ஒரு நாள் கூட நான் அதை அழுத்தினதில்ல.

அதுக்கப்புறம் கேக்கற விதத்தை மாத்திக்கிட்டேன். பெரிசா ஒண்ணும் இல்ல, ஊர் பேருக்குப் பண்ணினதையே மத்ததுக்கும் பண்ணேன். அவங்க சொன்ன அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்றதில்ல, வேற உருவத்துல சொல்லுவேன். ஆறுன்னு காதுல விழுந்தா "அப்போ பதினெட்டு மா வருதுங்களா"ன்னு கேப்பேன். ஏக்கர்னா ஆமான்னு வரும். மாவா இருந்தா அந்தப் பக்கத்துலேந்து "எங்கேம்மா பதினெட்டு, அவ்வளவு நெலத்துக்கு எங்க போவேன்"னு ஒரு அதட்டல் வரும். அந்த அதட்டல் எனக்கு ஆயிரம் ஆமாம்மாவை விட மேல். இல்லேன்னா வெதை எத்தனை மூட்டை எடுத்தீங்க, நடவுக்கு எத்தனை ஆள் வந்தாங்கன்னு கேப்பேன், அதுலயே நெலம் தெரிஞ்சிடும். கடைசில "சரிங்களா"ன்னு கேக்கறதையும் விட்டுட்டேன். "இப்போ கடைக்குப் போய் என்ன கேப்பீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க"ன்னு கேட்டேன். ஒரு காலுக்கு அரை நிமிஷம், சில சமயம் முக்கா நிமிஷம் கூட ஆச்சு. கால் நேரம் ஏறுதுன்னு சூபர்வைசர் ரெண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டார். பேசலாம் சார்னேன், பேசவே இல்ல.

யாராவது பேசாம இருந்தா கேக்குதுங்களான்னு கேக்கறதையும் குறைச்சேன். நானும் பேசாம இருப்பேன், மனசுக்குள்ள நாலு எண்ணுவேன். நாலு எண்ணறதுக்குள்ள பாதிப்பேர் "இல்லம்மா, ஒரு சந்தேகம்..."னு ஆரம்பிப்பாங்க. மீதிப்பேர் நெஜமாவே லைன் கட்டாகியிருப்பாங்க.

திரும்பக் கூப்பிட்டேன்

நாங்க வெளிய கூப்பிடறதுக்கு அனுமதி கிடையாது. சூபர்வைசர் கிட்ட ரெண்டு நாள் கெஞ்சி, அவரை ஒரே ஒரு தடவை கூப்பிட்டேன். மன்னிப்பு கேக்கணும்னு. இந்தத் தடவை இன்ஜின் இல்ல, ஆனா எங்கயோ ஆட்டோல ஸ்பீக்கர் கட்டி ஏதோ அறிவிச்சுட்டுப் போனாங்க, கூடவே மாடு கத்துச்சு. நான் பேரைச் சொன்ன ஒடனே அவரே "அட அந்தப் பொண்ணா, அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா"ன்னார். யூரியா ஒரு மூட்டை தான் போட்டாராம், அம்மா பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டாங்களாம். மிச்சம் ரெண்டு மூட்டை அடுத்த மேலுரத்துக்கு கெடக்கட்டும்னு வீட்டுக்குள்ள பலகை மேல ஏத்தி வச்சிருக்கார். பிளாஸ்டிக் போட்டு மூடுங்க, இந்த ஈரத்துல கட்டி தட்டிடும்னு சொன்னேன். பொட்டாஷ்ல ஒரு மூட்டையைச் சங்கத்துல திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க, பங்காளி வயலுக்குக் கொடுத்துட்டாராம், காசு எப்போ வருமோ தெரியாதுன்னு சிரிச்சார்.

பயிர் எப்படி இருக்குன்னேன். பச்சை திரும்பிடுச்சு, ஓரத்துல மட்டும் ரெண்டு எடத்துல போக்கு விழுந்திருக்கு, நாத்து கலைச்சு நட்டாச்சுன்னார்.

– மொத்தம் எத்தனை மாவுக்கு போட்டீங்க சார்?

– ஆறும்மா.

நான் ஒரு நிமிஷம் அப்படியே நின்னுட்டேன்.

– சார், அது ஆறு மாவா, இல்ல ஆறுன்னு எனக்கு சொல்றீங்களா?

அந்தப் பக்கம் ரெண்டு செகண்ட் சத்தமே இல்ல. நான் எண்ண ஆரம்பிச்சேன், மூணு வரைக்கும் வந்துட்டேன்.

– ரெண்டும் தாம்மா.